மவுத் செய்தி எழுதுவது எப்படி? உறவு பிசகாமல், தேதி மாறாமல், சுருக்கமாக

சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, சென்னையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு சகோதரர் நேராகக் காரைக்குடியில் நம் பள்ளிவாசலுக்கு வந்தார். ஒளூச் செய்துவிட்டு, "ஹஜ்ரத், மாமாவோட ஜனாஸா எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். அவருடைய தாய்மாமாவை முந்தைய நாள் ஜும்ஆ முடிந்ததும் அடக்கம் செய்தாகிவிட்டது. நமக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவர் தன் செல்போனை எடுத்துக் காட்டினார். "வெள்ளி இரவு வஃபாத், நல்லடக்கம் நாளை மதியம்" என்று அதில் இருந்தது.

எழுதியவர் பொய் எழுதவில்லை. வியாழன் மஃரிபுக்குப் பிறகு வருவதைத்தான் நாம் வெள்ளி இரவு என்கிறோம். ஆனால் சென்னையில் வேலை பார்க்கும் ஒருவர் வெள்ளிக்கிழமை காலை அந்தச் செய்தியைப் படிக்கும்போது, "நாளை" என்றால் சனி என்றுதான் எடுத்துக்கொள்வார். தன்னை வளர்த்த தாய்மாமாவின் முகத்தைப் பார்க்கவும் ஜனாஸா தொழவும் கிடைக்காமல் போனதற்கு இரண்டே சொற்கள் காரணம்.

அதன் பிறகு யார் வீட்டில் மவுத் ஆனாலும், செய்தியை வெளியிடும் முன் ஒரு தடவை நம்மிடம் காட்டுங்கள் என்று ஜமாஅத்தில் கேட்டுக்கொண்டோம். அப்படி வந்தவற்றில் திரும்பத் திரும்பக் கண்ட பிழைகளை வைத்தே இதை எழுதுகிறோம்.

அறிவிப்பின் வேலை என்ன?

மவுத்தை அறிவிப்பதற்கு மார்க்கத்தில் ஆதாரம் உண்டு. அபிசீனியாவின் மன்னர் நஜாஷி இறந்த அன்றே நபி (ஸல்) அவர்கள் அந்தச் செய்தியை மக்களுக்குச் சொல்லி, நான்கு தக்பீர்களுடன் தொழுகை நடத்தினார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. பள்ளிவாசலைச் சுத்தம் செய்துவந்த ஒருவர் இரவில் இறந்து, யாரும் சொல்லாமல் அடக்கப்பட்டபோது, தமக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ருக்குப் போய்த் தொழுததும் அவ்விரு நூல்களிலும் உள்ளது.

அதே சமயம், "நஃயு" என்ற ஒன்றை நபியவர்கள் தடுத்தார்கள் என்று ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அந்தப் பயத்தால், தாம் இறந்தால் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றே அவர்கள் கூறியதாகத் திர்மிதியில் வருகிறது. உலமாக்கள் இரண்டையும் இணைத்து விளக்கம் சொல்கிறார்கள். இறந்தவரின் குலப் பெருமையையும் சாதனைகளையும் ஊர் ஊராகக் கூவிச் சொல்லும் ஜாஹிலிய்யா வழக்கமே தடுக்கப்பட்டது. தொழவும் துஆச் செய்யவும் அடக்கத்துக்கு வரவும் மக்களுக்குத் தெரிவிப்பது ஆகும்.

எனவே ஒரு மவுத் செய்தி நான்கு கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். இறந்தவர் யார்? எப்போது வஃபாத் ஆனார்? ஜனாஸா எப்போது, எங்கே? யாரைக் கேட்பது? இந்த நான்கில் எதற்கும் உதவாத வரியை எடுத்துவிடலாம். செய்தியைச் சுருக்குவதற்கு இதுவே அளவுகோல்.

ஒரு நகல்

நம்மிடம் வரும் நகல்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பெயர்கள் உதாரணத்துக்காக நாமே வைத்தவை. பிறைக் கணக்கு மட்டும் உண்மையான காலண்டர்படி இருக்கட்டும் என்று 2024 ஏப்ரலை எடுத்துக்கொண்டோம்.

"இன்னா லில்லாஹி... காரைக்குடி மர்ஹூம் ஹாஜி காதர் மைதீன், சேக் தாவூது ஆகியோரின் மகனும் மருமகனும், மர்ஹூம் முஹம்மது யூசுப், அப்துல் கரீம் ஆகியோரின் சகோதரரும், ஹபீபுல்லா மச்சானும், பஷீர் அஹமது மாமாவும், சாகுல், ஜாகிர் ஆகியோரின் பாசமிகு அத்தாவும், கொடை வள்ளலும், ஏழைகளின் தோழரும், எங்கள் குடும்பத்தின் ஆணிவேருமாகிய அல்ஹாஜ் ஹாஜி அப்துல் ரஹீம் ராவுத்தர் அவர்கள் வெள்ளி இரவு 7.45 மணிக்கு (ஷவ்வால் பிறை 17) தாருல் ஃபனாவை விட்டும் தாருல் பகாவை அடைந்துவிட்டார்கள். அன்னாரின் ஜனாஸா நாளை மதியம் 2 மணிக்கு நல்லடக்கம் செய்யப்படும். துயரத்துடன், எஸ். ஹமீது, ஏ. ஜாகிர் உசேன்."

அத்தாவை இழந்து சில மணி நேரமே ஆன மகன் எழுதியது இது. குறை சொல்வதற்காக இதைக் காட்டவில்லை. இதிலிருந்து எதை எடுப்பது, எதை நேராக்குவது என்று பார்ப்போம்.

உறவுச் சொல் யாரிடமிருந்து தொடங்குகிறது?

முதல் சிக்கல் "ஹபீபுல்லா மச்சானும், பஷீர் அஹமது மாமாவும்" என்ற இடத்தில். எழுதிய மகன் வீட்டில் கூப்பிடுகிறபடியே எழுதிவிட்டார். படிப்பவருக்கு என்ன தெரியும்? ஹபீபுல்லா என்பவர் மச்சானா, அல்லது இறந்தவர் ஹபீபுல்லாவுக்கு மச்சானா? பஷீர் அஹமது மாமாவா, மருமகனா? இந்தக் குடும்பத்தில் பஷீர் அஹமது இறந்தவருடைய மகளின் கணவர். இறந்தவர் அவருக்கு மாமனார். "மாமா" என்று எழுதினால் தாய்மாமா என்றும் ஆகும், மாமனார் என்றும் ஆகும்.

இதற்கு ஒரே விதியை வைத்துக்கொள்ளலாம். செய்தியில் வரும் எல்லா உறவுச் சொற்களும் இறந்தவரையே குறிக்க வேண்டும். "இன்னாருடைய மகன், இன்னாருடைய கணவர், இன்னாருடைய தந்தை" என்றே வரிசை போக வேண்டும். பாதியில் "மகன்கள்: இன்னார், இன்னார்" என்று பட்டியலாக மாறினால் சொல்லின் திசை திரும்பிவிடும். இரண்டு நடையில் எது வேண்டுமானாலும் சரிதான், ஒரே செய்தியில் இரண்டும் வேண்டாம்.

இரண்டு பொருள் தரும் சொற்களையும் கவனிக்க வேண்டும். மருமகன் என்றால் மகளின் கணவரும் ஆவார், சகோதரியின் மகனும் ஆவார். அறிவிப்பில் முதல் பொருளுக்கு மட்டும் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு, மற்றவரைச் "சகோதரியின் மகன்" என்று விரித்து எழுதிவிடலாம். மச்சான், மாமா, சாச்சா போன்றவை வீட்டுப் பேச்சில் இனிமையானவை. ஊருக்குச் சொல்லும் செய்தியில் மைத்துனர், மாமனார், தந்தையின் சகோதரர் என்பதே தெளிவு.

மர்ஹூம் யாருக்கு?

அடுத்த வரி அதைவிட ஆபத்தானது. "மர்ஹூம் முஹம்மது யூசுப், அப்துல் கரீம் ஆகியோரின் சகோதரரும்." இதில் முஹம்மது யூசுப் இறந்துவிட்டார். அப்துல் கரீம் உயிரோடு இருக்கிறார். ஆனால் "மர்ஹூம்" முதலில் நின்று, இரண்டு பெயரும் ஒரே "ஆகியோரின்" என்ற சொல்லில் முடிவதால், இருவரும் போய்விட்டார்கள் என்று படிக்க இடமிருக்கிறது. வெளியூரில் இருப்பவர் பதறிப்போய் அப்துல் கரீம் வீட்டுக்குப் போன் செய்து ஆறுதல் சொல்வார். தன் அண்ணனைக் கேட்டு வரும் துக்கத்துக்குத் தன்னையும் சேர்த்து ஆறுதல் கேட்பது எப்படி இருக்கும்?

முதல் வரியில் இதற்கு எதிரான பிழை இருக்கிறது. "மர்ஹூம் ஹாஜி காதர் மைதீன், சேக் தாவூது ஆகியோரின் மகனும் மருமகனும்" என்பதில் இரண்டு பேருமே இறந்தவர்கள். சேக் தாவூதுக்கு மர்ஹூம் இல்லாததால், மாமனார் இருக்கிறார் என்று ஒருவர் நினைக்கக்கூடும். யார் மகன், யார் மருமகன் என்பதும் வரிசையைப் பார்த்து ஊகிக்க வேண்டியதாக இருக்கிறது.

தீர்வு எளிது. இறந்த ஒவ்வொருவர் பெயருக்கும் தனியாக மர்ஹூம் போடுங்கள், பெண்ணானால் மர்ஹூமா. உயிருள்ளவரையும் இறந்தவரையும் ஒரே "ஆகியோரின்" என்பதில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு உறவையும் அதன் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

மர்ஹூம் என்ற சொல் பட்டமல்ல. ரஹ்மத் செய்யப்பட்டவர் என்பது அதன் பொருள், நாம் அதைத் துஆவாகச் சொல்கிறோம். ஆகவே ஒருவருக்குப் போட்டு ஒருவருக்கு விடுவது மரியாதைக் குறைவாகவும் தோன்றும்.

ஒரே ஆளுக்கு ஒரே பெயர்

நகலின் நடுவில் "சாகுல்" என்று வருபவர் கடைசியில் "எஸ். ஹமீது" ஆகிவிட்டார். முழுப்பெயர் சாகுல் ஹமீது. தெரியாதவருக்கு இவர்கள் இரண்டு பேர், மொத்தம் மூன்று மகன்கள். ஒரு பெயரை எங்கே எழுதினாலும் ஒரே மாதிரி எழுத வேண்டும். "அல்ஹாஜ் ஹாஜி" என்பது ஒரே சொல்லை இரண்டு முறை சொல்வது, ஒன்று போதும்.

செட்டிநாட்டில் நகரத்தார் வீடுகளில் விலாசம் என்று பெயருக்கு முன் எழுத்துகள் வரும். அதைச் சொன்னால்தான் எந்த வீடு என்று ஊருக்குத் தெரியும். நம்மவர்களிலும் பலரைக் கடைப் பெயரையோ தெருப் பெயரையோ சேர்த்தால்தான் அடையாளம் தெரிகிறது. அப்துல் ரஹீம் என்று நூறு பேர் இருப்பார்கள். கடைப் பெயரோடு சொன்னால் ஒருவர்தான். அப்படி இருந்தால் அதைச் சேருங்கள், அது பெருமை அல்ல, அடையாளம். "கொடை வள்ளல்", "ஆணிவேர்" என்பவை அடையாளம் காட்டாதவை, அவற்றை எடுத்துவிடலாம். அவருடைய தர்மம் அல்லாஹ்விடம் பதிவாகியிருக்கும்.

விடுபட்டவர்கள்

இந்த நகலை மறுபடி படியுங்கள். பதினைந்து வரிச் செய்தியில் மனைவியைக் காணோம், மகளைக் காணோம். மகளின் கணவர் இருக்கிறார், மகள் இல்லை. ஐம்பது வருடம் உடன் வாழ்ந்தவர் அந்தச் செய்தியில் இல்லை.

பெண்கள் பெயரை வெளியிடச் சில குடும்பங்கள் தயங்குகின்றன. நபியவர்களின் மனைவிமார், மகள்மார் பெயர்களை நம் வீட்டுக் குழந்தைகள்கூடச் சொல்கின்றன. மார்க்கத் தடை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தின் விருப்பம் அது. பெயர் வேண்டாமென்றால் "இரண்டு மகன்கள், ஒரு மகளின் தந்தை" என்று எண்ணிக்கையாவது வரட்டும். சொத்தில் மனைவிக்கும் மகளுக்கும் பங்கு வைத்த மார்க்கம் நம்முடையது. அடக்கச் செய்தியில் அவர்கள் இல்லாமல் போவது பொருந்தவில்லை.

மறுபக்கம், எல்லோரையும் சேர்த்தால் செய்தி நீண்டுபோகும். நாம் சொல்லும் அளவு இது: தந்தை, மாமனார், வாழ்க்கைத் துணை, சகோதர சகோதரிகள், பிள்ளைகள், பிள்ளைகளின் துணைகள். அதற்கு வெளியே போக வேண்டாம். ஹபீபுல்லா மைத்துனர், அவர் பெயர் சுருக்கத்தில் வராது. அவர் மனம் வருந்தாதா என்று கேட்பார்கள். ஒரு மைத்துனரை எழுதி இன்னொருவரை விட்டால்தான் வருத்தம் வரும். ஒரு படித்தரத்தில் உள்ளவர்களை எழுதினால் எல்லோரையும் எழுத வேண்டும், விட்டால் எல்லோரையும் விட வேண்டும்.

தேதி மாறும் அந்தச் சில மணி நேரம்

ஆங்கிலத் தேதி நள்ளிரவில் மாறுகிறது. பிறைத் தேதி மஃரிபில் மாறுகிறது. இடையில் உள்ள ஐந்தரை மணி நேரத்தில் நிகழும் மவுத்துகளில்தான் குழப்பம் முழுவதும் வருகிறது.

நமது உதாரணத்தில் வஃபாத் ஆனது 25.04.2024 வியாழக்கிழமை இரவு 7.45. அந்த வருடம் தமிழ்நாட்டில் நோன்புப் பெருநாள் ஏப்ரல் 11 வியாழக்கிழமை. அதனால் 25ஆம் தேதி பகல் ஷவ்வால் 15. மஃரிபு ஆகிவிட்டதால் 7.45க்குப் பிறை 16. சவூதியில் பெருநாள் ஒரு நாள் முந்தி, ஏப்ரல் 10. ரியாத்தில் இருக்கும் மூத்த மகன் அங்கே மஃரிபு தொழுதுவிட்டுப் போனைப் பார்த்தபோது பிறை 17 என்று காட்டியது, அதை அனுப்பிவிட்டார். வீட்டுச் சுவரில் தொங்கும் தாள் காலண்டரோ 15 என்கிறது. மூன்று பேரும் நல்ல எண்ணத்தில் மூன்று தேதி சொல்கிறார்கள்.

இறந்த இடத்தின் பிறையே சரியானது, அதுவும் மஃரிபைக் கணக்கில் எடுத்த பிறை. எனவே இங்கே 16. ஆனால் பிறையை மட்டும் எழுதாதீர்கள். ஆங்கிலத் தேதி, கிழமை, மணி மூன்றையும் முதலில் எழுதிவிட்டு, பிறையை அதன் பின் எழுதுங்கள். கிழமையைச் சொல்லும்போது ஆங்கிலத் தேதிக்குரிய கிழமையையே சொல்லுங்கள். "வெள்ளி இரவு" என்று எழுதாமல் "வியாழக்கிழமை இரவு" என்று எழுதினால் காரைக்குடியிலும் கோலாலம்பூரிலும் ஒரே பொருள்தான்.

"இன்று", "நாளை" இரண்டையும் அறவே தவிர்க்க வேண்டும். செய்தி எழுதப்பட்ட நேரத்தில் அது உண்மை. குழுவுக்குக் குழு அனுப்பப்பட்டு மறுநாள் ஒருவர் கையில் சேரும்போது அது பொய்யாகிவிடும். அடக்கத்துக்கும் தேதியும் கிழமையும் எழுதப்பட வேண்டும்.

இந்தத் தேதி அடக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. மனைவியின் இத்தா வஃபாத் ஆன நேரத்திலிருந்து தொடங்குகிறது. கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு நான்கு மாதம் பத்து நாள். மாத நடுவில் மவுத் நிகழ்ந்தால் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்துப்படி 130 நாட்களாகக் கணக்கிடப்படும். ஷாஃபிஈ மத்ஹபில் பிறை மாதங்களை வைத்துக் கணக்கிடும் முறை வேறு, உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மேலே உள்ள உதாரணத்தில் 130 நாள் 2024 செப்டம்பர் 2ஆம் தேதி இரவில் முடியும். "வெள்ளி இரவு" என்பதை ஏப்ரல் 26 என்று ஒருவர் குறித்துக்கொண்டால் ஒரு நாள் பிசகும். நான்கு மாதம் கழித்து நம்மிடம் கணக்குக் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் அந்தப் பழைய செய்தியைத்தான் தேடி எடுத்துக் காட்டுகிறார்கள்.

இறப்புப் பதிவும் இதே தேதியைத்தான் கேட்கும். 21 நாட்களுக்குள் பதிய வேண்டும், அங்கே ஆங்கிலத் தேதிதான். செய்தி சட்ட ஆவணமல்ல என்றாலும், பதியப் போகும் உறவினர் அதைப் பார்த்தே பெயரையும் தேதியையும் சொல்கிறார். ஆதாரில் உள்ள பெயரைச் செய்தியிலும் எழுதிவிட்டால் பின்னால் ஓர் அலைச்சல் குறையும்.

சுருக்கிய பின்

வீட்டாரிடம் கேட்டு மனைவியின் பெயரையும், யார் மூத்தவர் என்பதையும், வயதையும் தெரிந்துகொண்டோம் என்று வைத்துக்கொள்வோம். மகளின் பெயரை வெளியிட அவர்கள் விரும்பவில்லை. செய்தி இப்படி அமையும்:

"இன்னா லில்லாஹி...

காரைக்குடி மர்ஹூம் காதர் மைதீன் அவர்களின் மகனும், மர்ஹூம் சேக் தாவூது அவர்களின் மருமகனும், ஜமீலா பேகம் அவர்களின் கணவரும், மர்ஹூம் முஹம்மது யூசுப் அவர்களின் தம்பியும், அப்துல் கரீம் அவர்களின் அண்ணனும், சாகுல் ஹமீது, ஜாகிர் உசேன் மற்றும் ஒரு மகளின் தந்தையும், பஷீர் அஹமது அவர்களின் மாமனாருமான ஹாஜி அப்துல் ரஹீம் (வயது 72) அவர்கள் 25.04.2024 வியாழக்கிழமை இரவு 7.45 மணிக்கு (ஷவ்வால் பிறை 16) வஃபாத்தானார்கள்.

ஜனாஸா தொழுகை: 26.04.2024 வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பின், பிற்பகல் 2 மணி. இடம்: (பள்ளிவாசல், தெரு).

அன்னாரின் மஃபிரத்துக்காகத் துஆச் செய்யுங்கள்.

தொடர்புக்கு: ஜாகிர் உசேன் (எண்)."

நகலில் அடக்கம் எங்கே என்பதே இல்லை என்பதை இப்போது கவனித்திருப்பீர்கள். தொடர்பு எண்ணும் இல்லை. புகழுரைகளுக்கு இடம் இருந்தது, பள்ளிவாசல் பெயருக்கு இடம் இல்லை. மருமகள்கள் இருந்தால் பஷீர் அஹமதுக்குப் பக்கத்தில் அவர்களும் அதே அளவில் வர வேண்டும், இந்தக் குடும்பத்தில் மகன்களுக்கு இன்னும் திருமணமாகவில்லை என்று எடுத்துக்கொண்டோம்.

பள்ளிவாசல் மைக்கில் சொல்வதற்கு இதுவும் நீளம். முஅத்தினிடம் கொடுக்கும்போது தந்தை பெயர், கடை அல்லது தெரு, இறந்தவர் பெயர், ஜனாஸா நேரம், இடம் இவ்வளவு மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இரண்டு தடவை சொன்னாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மைக் செய்தியும் எழுத்துச் செய்தியும் ஒரே தாளிலிருந்து எடுக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் மைக்கில் 2 மணி, போனில் 2.30 என்று ஆகிவிடும்.

அனுப்பும் முன்

எழுதிய மகன் தானே சரிபார்க்க முடியாது. அவருடைய கண் எழுத்தில் நிற்காது. குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும் அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இதில் உயிரோடு இருப்பவர்கள் யார் யார்? மவுத் எந்தக் கிழமை, அடக்கம் எந்தக் கிழமை? ஜனாஸாவுக்கு எங்கே வர வேண்டும்? மூன்றுக்கும் அவர் தடுமாறாமல் பதில் சொன்னால் அனுப்பலாம். ஒன்றில் தயங்கினாலும் அந்த வரியைத் திருத்துங்கள்.

அனுப்பிய பிறகு பிழை தெரிந்தால், வெறும் "மன்னிக்கவும், நேரம் மாற்றம்" என்று ஒரு வரி போடாதீர்கள். அந்த வரி எந்த மவுத்தைப் பற்றியது என்று அடுத்த குழுவில் யாருக்கும் தெரியாது. தலையில் "திருத்தப்பட்டது" என்று எழுதி, முழுச் செய்தியையும் மறுபடி அனுப்புங்கள். பழையதை எங்கெல்லாம் நீக்க முடியுமோ நீக்குங்கள்.

அந்தச் சென்னைச் சகோதரரை அன்று மையவாடிக்கு நாமே அழைத்துப் போனோம். கப்ரின் மண் இன்னும் ஈரமாக இருந்தது. அங்கே நின்று அவர் ஜனாஸா தொழுதார், நாம் துஆச் செய்தோம். திரும்பும் வழியில் அவர் நம்மிடம் கேட்டது ஒன்றுதான்: "அதுல வியாழக்கிழமைன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே ஹஜ்ரத்?"